மாணவருக்கு மட்டும் ஒரு திரை

2020 மார்ச் நடுப்பகுதியில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வகுப்பறை கைப்பேசிக்குள் புகுந்தது. பல்கலைக்கழக விரிவுரைகள் ‘லேர்ன்’ என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக சூமில் நடந்தன. ரியூசன் ஆசிரியர்கள் கையில் கிடைத்த செயலியைப் பிடித்துக்கொண்டார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இதே கதை இன்னொரு முறை நடந்தது. நோயும் தட்டுப்பாடும் தணிந்த பிறகும் இரவு நேர இணைய வகுப்புகள் பழக்கமாகிவிட்டன. எழுவான்கரையில், கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ இருக்கும் ஆசிரியரிடம் படுவான்கரைப் பிள்ளைகள் வாவியைக் கடக்காமலே படிக்கிறார்கள்.

அந்த வகுப்புகளில் அன்றைக்கும் இன்றைக்கும் தீராத ஒரு தொல்லை திரைப்பகிர்வு. ஆசிரியரின் மடிக்கணினியில் பாடக்குறிப்பு மட்டும் இருப்பதில்லை. வட்ஸ்அப் திறந்திருக்கும். வருகைப் பட்டியல் இருக்கும். அடுத்த கிழமைப் பரீட்சை வினாத்தாள்கூட இருக்கும். முழுத் திரையைப் பகிர்ந்தால் கரும்பலகையோடு சேர்த்து மேசை லாச்சியையும் வகுப்புக்குத் திறந்து காட்டுவதாகிவிடும். சரி, ஒரு சாளரத்தை மட்டும் பகிரலாமே என்றால் அதிலும் குறை உண்டு. சொற்செயலிச் சாளரத்தைப் பகிர்ந்துவிட்டு எழுத்துரு மாற்றும் பெட்டியைத் திறந்தால், ஆசிரியருக்குத் தெரியும் பெட்டி மாணவருக்குத் தெரியாமல் போகலாம். கணினியின் கணக்கில் அந்தப் பெட்டி இன்னொரு சாளரம். விரியும் பட்டியல்களும் அப்படித்தான். சொற்செயலியிலிருந்து படக்கோப்புக்கு மாறவேண்டுமானால் பகிர்வை நிறுத்தி மறுபடி தொடங்கவேண்டும். “சேர், ஒண்டும் தெரியேல்ல” என்ற குரல் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வரும்.

இதற்கு மென்பொருளிலேயே தீர்வு இருக்கிறது. வாங்கவேண்டிய கருவி எதுவும் இல்லை. கணினிக்குள் இரண்டாவது திரை ஒன்றை உருவாக்கி, பாடத்துக்கு வேண்டியதை மட்டும் அதில் வைத்து, அதை மட்டும் பகிர்ந்தால் போதும். உருவாக்கும் வழிகள் பல. ஒன்றைத்தான் இங்கே முழுக்கப் பார்க்கப்போகிறோம். ஏன் அது என்பதற்கு மற்ற வழிகளின் குறையைச் சொல்லவேண்டும்.

ஒரு கணினித்திரை வேலை செய்ய உண்மையில் கண்ணாடிப் பலகை தேவையில்லை. நினைவகத்தில் படத்துக்கென ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. செயலிகள் அதில் வரைகின்றன. வரைந்தது கம்பி வழியே பலகைக்குப் போகிறது. பலகையைச் செருகும்போது, தன்னால் எத்தனை அகலம், எத்தனை உயரம் காட்டமுடியும் என்று அது ஒரு சிறு தரவுத் துண்டில் கணினிக்குச் சொல்கிறது. அந்தத் துண்டை மென்பொருளே போலியாகத் தந்துவிட்டால் போதும். இல்லாத திரை இருப்பதாக இயங்குதளம் நம்பிவிடும். விண்டோஸ் 10இல் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இதற்கென்றே ஒரு வகை இயக்கி மென்பொருளுக்கு இடமிருக்கிறது. அதை நிறுவினால் அமைப்புகளில் இரண்டாவது திரை ஒன்று முளைக்கும். சூமின் பகிர்வுப் பட்டியலிலும் அது தெரியும்.

ஆனால் அந்தத் திரையை மாணவர் பார்க்கலாம், ஆசிரியர் பார்க்கமுடியாது. சுட்டியை வலப்புறம் நகர்த்தினால் அது விளிம்பைத் தாண்டிப் போய் மறைந்துவிடும். எங்கே எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதவேண்டும். அதைக் கண்ணால் காண இன்னொரு செயலி வேண்டும். ஓபிஎஸ் போன்ற ஒன்று அந்தத் திரையின் பிரதியை ஒரு சாளரத்தில் காட்டும். மக் கணினிகளில் டெஸ்க்பேட் என்ற சிறு செயலி இரண்டையும் சேர்த்தே செய்கிறது; போலித் திரையை உருவாக்கி, அதை ஒரு சாளரத்துக்குள் காட்டவும் செய்கிறது. விண்டோஸில் இந்த இயக்கிகளை எங்கிருந்து இறக்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். இயக்கி நிர்வாகி அனுமதியோடு நிறுவப்படுவது. அறியாத தளத்திலிருந்து எடுத்து நிறுவத் தக்கதல்ல.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விண்டோஸில் `Win+Tab` அழுத்தினால் வரும் மெய்நிகர் மேசைகள் இரண்டாவது திரை அல்ல. திரை ஒன்றுதான், அதில் தெரியும் சாளரக் கூட்டம்தான் மாறுகிறது. முழுத் திரையைப் பகிர்ந்துகொண்டு அடுத்த மேசைக்கு மாறினால் மாணவரும் உங்களோடு கூடவே வருவார்கள்.

லினக்ஸில் இருக்கும் வழி எளியது. என் கணிப்பில் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானதும் அதுதான். அதன் பெயர் ஸெஃபிர், தட்டச்சில் `Xephyr`. மத்தியூ அலம் என்ற நிரலாளர் எழுதியது. அது ஒரு சாளரம். ஆனால் தன்னை முழுத் திரை என்று செயலிகளிடம் சொல்லிக்கொள்ளும் சாளரம்.

இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பின்னால் வரும் கோளாறுகளையும் எளிதில் பிடிக்கலாம். லினக்ஸின் பழைய வரைகலை ஏற்பாடு எக்ஸ் என்பது. 1984இல் எம்ஐடியில் பிறந்தது. அதன் 11ஆவது வடிவம் 1987இல் வந்தது, இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அதில் எந்தச் செயலியும் திரையில் நேரடியாக வரைவதில்லை. ‘எக்ஸ் சேவகன்’ என்ற நிரலிடம் கோடு போடு, எழுத்து எழுது என்று கேட்கும். சேவகன் வரைந்து கொடுக்கும். ஒரே கணினியில் பல சேவகர்கள் ஓடலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு: `:0`, `:1` என்று. எந்த எண்ணிடம் போவது என்பதைச் செயலி `DISPLAY` என்ற ஒரே மாறியைப் பார்த்துத் தீர்மானிக்கிறது.

ஸெஃபிர் செயலிகளுக்குச் சேவகன். ஆனால் தன் படத்தை வெளியே காட்டுவதற்கு அதுவே இன்னொரு சேவகனிடம் போய் நிற்கும் சாதாரணச் செயலி. உள்ளே நீங்கள் எத்தனை சாளரம் திறந்தாலும், எத்தனை பெட்டி, பட்டியல் விரித்தாலும், வெளியே இருக்கும் மேசைக்குத் தெரிவது ஒரே ஒரு சாளரம். அந்த ஒன்றைப் பகிர்ந்தால் உள்ளே நடப்பவை அனைத்தும் மாணவருக்குப் போகும். வெளியே நடக்கும் எதுவும் போகாது. ஆசிரியரும் அதைத் தன் திரையிலேயே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இனி ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். கல்லடியில் ஒரு தமிழாசிரியர். பாடம் வலி மிகும் இடங்கள். அவருடைய மடிக்கணினி 1366×768 பிக்சல் திரை கொண்டது; குறைந்த விலைக் கணினிகளில் பரவலாக இருக்கும் அளவு இதுதான். மாணவர் கொக்கட்டிச்சோலையில், கைப்பேசியைக் கிடையாகப் பிடித்துப் பார்க்கிறார். கைப்பேசித் திரையின் அகலம் சுமார் 13 செ.மீ. என்று கொள்வோம்.

முதலில் அளவு. உள்திரையை 1280×720 ஆக வைக்கத் தோன்றும்; அது பழகிய அளவு. ஆனால் 768இல் 720 போனால் மிச்சம் 48 பிக்சல். மேல்பட்டையும் சாளரத்தின் தலைப்புப் பட்டையுமே அதைத் தின்றுவிடும். 1024×576 நல்லது. வலப்புறம் 342 பிக்சல் மிஞ்சும். வருகைப் பட்டியலையும் மாணவரின் கேள்விகளையும் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

இடத்துக்காக மட்டும் சின்னத் திரையைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1366 பிக்சல் அகலத்தை 13 செ.மீ.க்குள் சுருக்கினால், 16 பிக்சல் உயர எழுத்து கைப்பேசியில் ஒன்றரை மில்லிமீற்றர் ஆகும். 1024 பிக்சல் அகலத்தில் அதே எழுத்து இரண்டு மில்லிமீற்றர். வலி மிகும் பாடத்தில் இந்த அரை மில்லிமீற்றர் பெரிய விடயம். ‘அந்தக் கடை’ என்று எழுதினால் பாடம் முழுவதும் அந்த ஒற்றின் தலைமேல் இருக்கும் புள்ளியில்தான். 16 பிக்சல் எழுத்தில் புள்ளியின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டு பிக்சல். இணைப்பு மெலிந்து படம் 640 பிக்சல் அகலத்துக்குக் குறைந்தால், 1366 அகலத் திரையில் இருந்த புள்ளி ஒரு பிக்சலுக்கும் கீழே போய்விடும். மாணவர் ‘அந்தக கடை’ என்று வாசிப்பார். அல்லது ஆசிரியர்தான் பிழையாக எழுதிவிட்டார் என்று நினைப்பார். 1024 அகல உள்திரையில் எழுத்தை 32 பிக்சலுக்குப் பெருக்கி வைத்தால், அதே மெலிந்த இணைப்பிலும் புள்ளிக்கு இரண்டரை பிக்சல் மிஞ்சும். அது கண்ணுக்குத் தெரியும்.

இங்கே ஓர் இடைச்செருகல். ஒற்றைச் சிவப்பில் எழுதிக் காட்டுவது நம் ஆசிரியர்களின் நெடுநாள் வழக்கம். கரும்பலகையில் அது நன்று. காணொளியில் அவ்வளவு நன்றன்று. இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் பெரும்பாலான காணொளி முறைகள் ஒளியின் அளவை ஒவ்வொரு பிக்சலுக்கும் அனுப்பிவிட்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாக அனுப்புகின்றன. வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சிவப்புப் புள்ளி இதனால் வெளிறி, பக்கத்து வெள்ளையோடு கலந்துவிடும். எழுத்தைக் கறுப்பிலேயே விட்டு, அதன் பின்னணிக்கு மஞ்சள் பூசுவது மேல்.

இப்போது கட்டளைகள். உபுந்து, டெபியன் வகைக் கணினிகளில் தேவையானவற்றை நிறுவ ஒரு வரி போதும்:

```
sudo apt install xserver-xephyr openbox xterm
```

ஓப்பன்பொக்ஸ் என்பது உள்திரையில் சாளரங்களை நகர்த்தவும் மூடவும் உதவும் சிறு மேலாளர். அது இல்லாவிட்டால் உள்ளே திறக்கும் சாளரங்களுக்குத் தலைப்புப் பட்டையே இருக்காது. வகுப்பு தொடங்குமுன் ஓடவேண்டியவை இவை:

```
Xephyr :5 -screen 1024x576 -no-host-grab -title Vakuppu &
sleep 2
env DISPLAY=:5 GDK_BACKEND=x11 QT_QPA_PLATFORM=xcb \
  dbus-run-session openbox --startup xterm
```

முதல் வரி ஐந்தாம் எண் சேவகனைத் தொடக்கிவிடுகிறது. `-no-host-grab` என்பதை விட்டுவிடவேண்டாம். அது இல்லாதபோது `Ctrl`, `Shift` இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஸெஃபிர் சுட்டியையும் விசைப்பலகையையும் தன்னுள் பூட்டிக்கொள்ளும். சுட்டி அந்தச் சாளரத்தைவிட்டு வெளியே வராது. கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து வகுப்பு நடுவில் அணைத்துவிடத் தோன்றும். (பூட்டு விழுந்துவிட்டால் அதே இரண்டு விசைகளை மறுபடி அழுத்தினால் விடுபடும்.)

மூன்றாவது கட்டளைதான் நுட்பமானது. இன்றைய லினக்ஸ் மேசைகள் பல வேலண்ட் என்ற புதிய வரைகலை ஏற்பாட்டில் ஓடுகின்றன. செயலிகள் முதலில் வேலண்டைத் தேடும். கிடைத்தால் `DISPLAY` சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாது. அப்போது உள்திரையில் திறக்கச் சொன்ன சொற்செயலி வெளி மேசையில் போய்த் திறக்கும். `GDK_BACKEND`, `QT_QPA_PLATFORM` இரண்டும் அதைத் தடுக்கின்றன. `dbus-run-session` வேறொரு சிக்கலுக்கு. லினக்ஸ் செயலிகள் பல, தம்மைப்போல் இன்னொன்று ஏற்கெனவே ஓடுகிறதா என்று டிபஸ் என்ற உள்வழித் தொடர்பில் விசாரிக்கும். ஓடினால் கோப்பை அதனிடமே கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். வெளியே பிடிஎப் வாசிப்பான் திறந்திருந்தால், உள்ளே திறக்கச் சொன்ன பாடநூலும் வெளியேதான் திறக்கும். உள்திரைக்குத் தனியான டிபஸ் தொடர்பைக் கொடுத்துவிட்டால் அந்தக் கோப்பு உள்ளேயே திறக்கும்.

லிப்ரேஒபிஸ் இதே விசாரணையைத் தன் சொந்த வழியில் செய்கிறது. அதற்குத் தனி அமைப்புக் கோப்புறை ஒன்று கொடுக்கவேண்டும். உள்திரையில் தெரியும் கறுப்பெழுத்துச் சாளரத்தில் இப்படி எழுதலாம்:

```
soffice -env:UserInstallation=file://$HOME/.vakuppu --writer paadam.odt
```

தனிக் கோப்புறை என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. ‘அண்மையில் திறந்தவை’ பட்டியலில் வினாத்தாளின் பெயரோ வங்கிக் கடிதத்தின் பெயரோ வராது. வகுப்புக் கோப்புகள் மட்டும் வரும். ஃபயர்பொக்ஸ் உலாவிக்கும் இதுபோல் வகுப்புக்கென்று தனிப் பயனர் விவரம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். முகவரிப் பட்டையில் ஓர் எழுத்து அடித்தவுடன் பழைய தேடல்களெல்லாம் எட்டிப் பார்ப்பது அப்போது நின்றுவிடும். சொற்செயலியின் பட்டைகள் 576 பிக்சல் உயரத்தில் நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும். `Ctrl+Shift+J` அழுத்தினால் தாள் மட்டும் மிஞ்சும். `-no-host-grab` இல்லாமல் ஸெஃபிரைத் தொடங்கியவர் சரியாக இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்.

ஏதோ ஒன்று தவறான திரையில் திறக்கிறது என்றால் சோதிக்க எளிய வழி: அந்தக் கறுப்பெழுத்துச் சாளரத்தில் `echo $DISPLAY` என்று கேளுங்கள். விடை `:5` என்று வரவேண்டும்.

இனி கூட்டச் செயலியில் முழுத் திரையைத் தேர்ந்தெடுக்காமல் `Vakuppu` என்ற சாளரத்தைத் தேர்ந்தெடுத்துப் பகிர்ந்தால் வகுப்பு தொடங்கலாம். குரோம் உலாவியில் நடக்கும் கூட்டமானால், உள்திரைமேல் வேறு சாளரம் ஒன்று தவறி விழுந்தாலும் மாணவருக்கு அது பொதுவாகத் தெரியாது. மறைந்த பகுதியும் நினைவகத்தில் வரையப்பட்டுக்கொண்டே இருப்பதால் பகிர்வு அங்கிருந்து எடுக்கிறது. உள்திரையைக் கீழே இறக்கி ஒளித்துவிடக் கூடாது. அப்போது வரைதல் நின்று, மாணவருக்கு உறைந்த படம்தான் போகும்.

வட்ஸ்அப் அறிவித்தல் வந்தால் என்ன ஆகும்? அது வெளி மேசையின் டிபஸ் வழியாக வந்து வெளி மேசையில்தான் எழும். உள்திரைக்குள் எட்டிப் பார்க்காது. ஆனால் ஒலி இந்த ஏற்பாட்டுக்குள் அடங்குவதல்ல. ஸெஃபிர் படத்தை மட்டும் பிரிக்கிறது. ஒலி முழுக் கணினிக்கும் ஒரே வழியில் ஓடுகிறது. கணினி ஒலியையும் சேர்த்துப் பகிர்ந்தால் அறிவித்தலின் ‘டிங்’ ஓசை கொக்கட்டிச்சோலை வரை கேட்கும். அறிவித்தல்களை அந்த நேரத்துக்கு அடக்கிவைப்பது ஆசிரியரின் கையில்தான்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. உள்ளே தமிழில் தட்டச்சு செய்ய, வெளியே ஓடும் ஐபஸ் உதவாது. உள்திரையிலும் `ibus-daemon -dx` என்று ஒன்றைத் தனியாகத் தொடக்கவேண்டும். ரெங்கநாதன் விசைப்பலகைக்குப் பழகியவர் இதை முந்திய நாளே சோதித்துக்கொள்வது நல்லது. எல்லாக் கணினியிலும் இது முதல் முயற்சியிலேயே சரிவருவதில்லை. வெளியே நகலெடுத்த வரியை உள்ளே ஒட்டமுடியாது. இரண்டும் வேறு சேவகர்கள். இந்தக் குறையை நான் நன்மையாகவே எண்ணுகிறேன். தவறுதலாக ஒட்டப்படும் கடவுச்சொல் ஒன்று மாணவர் கண்ணில் படாமல் தப்பும். காணொளியும் முப்பரிமாணப் படங்களும் உள்ளே தடுக்கித் தடுக்கி ஓடும். அவற்றை வரைகலைச் சில்லு இல்லாமல் மையச் செயலகமே வரையவேண்டியிருப்பதுதான் காரணம். எழுத்து, வரைபடம், பிடிஎப், பேனாவால் எழுதுவது ஆகியவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை.

நினைவகச் செலவு சிறிது. 1024×576 திரையின் ஒரு முழுப் படத்துக்கு, பிக்சலுக்கு நான்கு பைட் வீதம், 2.25 மெகாபைட் போதும். மாணவரின் டேட்டாவுக்கும் இது உதவுகிறது. 1366×768 திரையின் பிக்சல்களில் 56 வீதம்தான் இதில் இருக்கின்றன. முகம் காட்டாமல் திரையை மட்டும் பகிர நொடிக்கு 50 முதல் 75 கிலோபிட் போதும் என்பது சூமின் கணக்கு. மேல் எல்லையை எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 34 மெகாபைட், குரலுக்கு வேறு. ஆனால் திரையில் அசைவு கூடினால் செலவும் கூடும். தாளை விடாமல் மேலும் கீழும் உருட்டும் ஆசிரியர் ஒவ்வொரு உருட்டலிலும் படத்தின் மாற்றங்களை மீண்டும் மீண்டும் அனுப்பவைக்கிறார். பக்கம் பக்கமாக நகர்த்துங்கள், உருட்டவேண்டாம்.

எக்ஸ் ஏற்பாடு மெல்ல விடைபெற்று வருகிறது. உபுந்து 25.10 பதிப்பு, க்னோம் மேசையை எக்ஸில் ஓட்டும் தெரிவையே நீக்கிவிட்டது. ஸெஃபிருக்கு இதனால் உடனடி ஆபத்து இல்லை. பழைய செயலிகளுக்காக வேலண்டுக்குள்ளேயே ஓர் எக்ஸ் சேவகன் ஓடுகிறது, ஸெஃபிர் அதன்மேல் நின்றுகொள்ளும். ஸ்வே போன்ற வேலண்ட் மேசைகளில் `swaymsg create_output` என்ற ஒரே கட்டளை போலித் திரையைத் தந்துவிடும். அதைக் கண்ணால் பார்க்க வேறொரு செயலி தேவை என்ற பழைய குறை அங்கும் தொடர்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வகுப்புக்கு முன் உங்கள் கைப்பேசியிலிருந்து வைபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், மாணவராக அந்தக் கூட்டத்தில் சேர்ந்து பாருங்கள். ‘அந்தக் கடை’யில் ககர ஒற்றின் புள்ளி தெரியவில்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்; பிறகு வகுப்பைத் தொடங்கலாம்.